இந்தக் கரட்டிலிருந்து அந்தக் கரடு தெரியுமா? கணக்கு, கிராஃப் தாள், கூகுள் எர்த் மூன்றில் எதை நம்பலாம்?

ராயக்கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் எங்கே நின்றாலும் கண்ணில் ஒரு கரடாவது படும். போன மாதம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது, மேற்கே இருக்கிற ஒரு கரட்டு உச்சியில் நின்றால் கிழக்கே இருக்கிற இன்னொன்றின் உச்சி தெரியுமா என்று பேச்சு வந்தது. தெரியும் என்றான் பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற அக்கா மகன். தெரியாது என்றேன் நான். என் தம்பி, எப்போதும் போல, போனை எடுத்தான். அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விக்கு மூன்று பேரும் மூன்று வழியில் பதில் தேடினோம். எந்த வழி எங்கே கைவிட்டது என்பதைத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், கரடுகளை மேற்கு, கிழக்கு என்றே சொல்கிறேன்.

கையில் இருந்தது 1:50,000 டோப்போ ஷீட், அதாவது நிலத்தின் உயரத்தைக் கோடுகளால் காட்டும் வரைபடம். இதில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ., சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. மேற்குக் கரட்டு உச்சியில் 786 என்று உயரம் அச்சாகியிருந்தது. கிழக்குக் கரட்டுக்கு அப்படி எண் இல்லை, கடைசி வளையம் 700. இரண்டுக்கும் நடுவே ஸ்கேலில் 17.2 செ.மீ., அதாவது 8.6 கி.மீ. வழியில் மேற்கிலிருந்து 5.4 கி.மீ. தூரத்தில் வடக்கு தெற்காக ஒரு ஒல்லியான மேடு ஓடுகிறது. நம் கோடு அதைத் தாண்டும் இடத்தில் இருக்கிற மிக உயர்ந்த கோடு 720.

மருமகன் செய்தது சுத்தமான விகிதக் கணக்கு. 786-லிருந்து 700-க்கு 86 மீட்டர் இறக்கம், தூரம் 8.6 கி.மீ., ஆக கி.மீ.க்கு 10 மீட்டர். மேடு இருக்கிற 5.4 கி.மீ.யில் பார்வைக் கோடு 54 மீட்டர் இறங்கி 732-ல் இருக்கும். மேடு 720. "பன்னெண்டு மீட்டர் மேல போகுது மாமா, தெரியும்!" இரண்டே நிமிடம். இந்த முறையில் எனக்குப் பிடித்தது இந்த வேகம்தான், பென்சில் சீவக்கூட வேண்டாம். பூமியின் வளைவையும் சேர்க்க வேண்டாமா என்று கேட்டேன், அதற்கும் சூத்திரம் வைத்திருந்தான்: மேட்டிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் உள்ள தூரத்தைக் கி.மீ.யில் பெருக்கி, 0.0673-ஆல் பெருக்கினால், காற்றில் ஒளி வளைவதையும் கணக்கில் எடுத்த பிறகு மேடு எத்தனை மீட்டர் உயர்ந்து நிற்பது போல ஆகும் என்று வரும். 5.4 × 3.2 × 0.0673, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்தத் தூரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. இதுவே 40 கி.மீ. தூரத்தில் சரியாக நடுவில் ஒரு மேடு என்றால் 27 மீட்டர் வந்துவிடும், அங்கே மறந்தால் பதிலே மாறிப்போகும்.

சரி, கணக்கில் தப்பில்லை. ஆனால் அவன் ஒரே ஒரு புள்ளியைத்தான் சோதித்தான், அந்தப் புள்ளியையும் அவனே தேர்ந்தெடுத்தான்.

நான் பழைய ஆள், குறுக்குவெட்டு வரையாமல் நம்ப மாட்டேன். ஒரு காகிதத் துண்டின் நேர் ஓரத்தை இரண்டு உச்சிக்கும் நடுவே வைத்து, ஓரத்தை வெட்டுகிற ஒவ்வொரு சம உயரக் கோட்டுக்கும் ஒரு சின்னக் கீறல் போட்டு, பக்கத்தில் உயரத்தை எழுத வேண்டும். ஓடை வருகிற இடத்தில் 'ஓ' என்று குறித்துக்கொள்வேன், அதன் பயன் பிறகு தெரியும். அப்புறம் அந்தத் துண்டை கிராஃப் தாளின் அடிக்கோட்டில் வைத்து, ஒவ்வொரு கீறலுக்கு நேர் மேலேயும் அதனதன் உயரத்தில் புள்ளி. அகலத்துக்கு வரைபடத்தின் அளவையே வைத்தேன். உயரத்துக்கு 1 செ.மீ. = 50 மீட்டர், அடிக்கோடு 500. ஆறு செ.மீ.க்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அகலத்தில் 1 செ.மீ. 500 மீட்டர், உயரத்தில் 50, ஆக உயரம் பத்து மடங்கு இழுபட்டிருக்கிறது.

இப்படி இழுத்தால் தெரியும் தெரியாது என்கிற தீர்ப்பு பொய்யாகிவிடாதா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. எல்லா உயரத்தையும் ஒரே மடங்கில் இழுக்கும்போது நேர்க்கோடு நேர்க்கோடாகவே இருக்கும், கோட்டுக்குக் கீழே இருந்த மேடு கீழேயே இருக்கும். மாறுவது சரிவு மட்டும்தான், அதனால் அந்தப் படத்தில் கோணமானியை வைத்துச் சரிவை அளக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வரையும்போது பையன்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடுத்தடுத்த இரண்டு கீறலும் ஒரே உயரமாக வந்தால் அவற்றைத் தட்டையாகச் சேர்த்துவிடுவார்கள். அது பள்ளமா உச்சியா என்று வரைபடத்தைத்தான் கேட்க வேண்டும். 520, 520 என்று இருந்த இடத்தில் என் துண்டில் 'ஓ' இருந்தது, ஆகவே கோட்டைக் கீழே குழித்தேன். மேட்டில் 720, 720. அங்கே மேலே குவிக்க வேண்டும். எவ்வளவு? கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று என்பதால், மேட்டின் உண்மையான தலை 720-லிருந்து 739 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மருமகனின் பன்னிரண்டு மீட்டர் இந்த இடைவெளிக்குள்ளேயே கரைந்துவிடும்.

முழுக்க இருட்டும் இல்லை, ஊகிக்க ஒரு பிடி இருக்கிறது. மேட்டுச் சரிவில் கோடுகள் 1 மி.மீ.க்கு ஒன்றாக நெருங்கிக் கிடந்தன, அதாவது தரையில் 50 மீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏற்றம். இரண்டு 720 கோட்டுக்கும் நடுவே 3 மி.மீ., 150 மீட்டர். ஒரு பக்கத்திலிருந்து பாதி, 75 மீட்டர், அதே சரிவில் ஏறினால் இன்னும் 30 மீட்டர் உயர்ந்திருக்கும், 740 கோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆகவே தலை வளைந்து அடங்கியிருக்கிறது. ஆனாலும் இத்தனை செங்குத்தாக வந்த பாறை 721-ல் திடீரென்று நின்றுவிடாது. நான் 732 என்று வைத்தேன். கிழக்குக் கரட்டின் 700 வளையமும் அதே ஜாதி, அதற்கு 712. இப்போது கோடு 786-லிருந்து 712-க்கு, மேட்டுக்கு மேல் 739-ல் போகிறது. மிச்சம் ஏழு மீட்டர், வளைவுக்கு ஒன்று போனால் ஆறு. மேட்டின் மேல் இருக்கிற மரம் எந்த உயரம் என்று வரைபடம் சொல்லாது.

ஸ்கேலை வைத்து உச்சிக்கு உச்சி கோடு போட்டபோதுதான் நாங்கள் யாரும் நினைக்காத ஒன்று தெரிந்தது. கோடு முதலில் இடித்தது நடு மேட்டில் இல்லை, மேற்குக் கரட்டின் தோளில். அந்தக் கரட்டுத் தலை அகலம். 780 வளையம் உச்சியிலிருந்து கிழக்கே 1.2 செ.மீ., அதாவது 600 மீட்டர் வரை நீள்கிறது, அதன் பிறகுதான் சரிவு தலைகுப்புற இறங்குகிறது. அந்த விளிம்பில் பார்வைக் கோடு ஏறக்குறைய 781. தரை 780. விளிம்புக்கு இந்தப் பக்கம் தரை இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். உச்சியில் நிற்கிறவனின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தாலும், நடுவில் ஒரு பாறைத் திட்டும் நாலு உண்ணிப் புதரும் போதும், கிழக்குக் கரடு காணாமல் போய்விடும். வெளியே வளைந்த சரிவு எப்போதும் இப்படித்தான், மறைப்பது காலடியிலேயே இருக்கும். நடு மேட்டை மட்டும் சோதித்த கணக்கு இதைத் தொடவே இல்லை. படத்தில் இது தானாகவே கண்ணில் பட்டது. இதனால்தான் நான் இன்னும் கிராஃப் தாளின் கட்சி.

தம்பியின் வழி: கம்ப்யூட்டரில் Google Earth Pro-வில் இரண்டு உச்சிக்கும் நடுவே ஒரு பாதை போட்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து `Show Elevation Profile`. பத்து நொடியில் படம். அழகான படமும்கூட, என் கிராஃப் அதற்கு முன்னால் கோழி கிளறியது மாதிரி இருந்தது. ஆனால் அது மேற்குக்கு 783, நடு மேட்டுக்கு 709, கிழக்குக்கு 694 என்றது. அந்தக் கணக்கில் கோடு மேட்டின் மேல் 727-ல் போகிறது, பதினெட்டு மீட்டர் மிச்சம். "பார்த்தியாண்ணா, தாராளமா தெரியுது."

ஆனால் 720 கோடு ஓடுகிற மேட்டைத் திரை 709 என்று சொன்னால், திரை மேட்டின் தலையைச் சீவியிருக்கிறது என்று அர்த்தம். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பேர்போனது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர், அதற்குள் இருக்கிற மேடு பள்ளத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே உயரம். அகலத் தலை உள்ள கரட்டுக்கு இதனால் நஷ்டம் குறைவு (786 எங்கே, 783 எங்கே), கத்தி மாதிரி நிற்கிற பாறைக்கு நஷ்டம் அதிகம். மறைக்கிற மேடு எப்போதும் ஒல்லியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் நம் பக்கத்துக் கரடுகள் பெரும்பாலும் அப்படி மொட்டைப் பாறையாக எழும்புகிறவை, அதனால் திரை இங்கே 'தெரியும்' பக்கமே சாயும். தம்பி போட்ட பாதை மேட்டின் உச்சியை விட்டு நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளிப் போயிருந்தாலும் இதே கதைதான். என் பென்சில் கோட்டுக்கும் அந்தக் குற்றம் உண்டு, அரை மி.மீ. நகர்ந்தால் தரையில் 25 மீட்டர்.

அவசரத்துக்கு நான் திரையைப் பார்ப்பேன், பள்ளத்தாக்கு முழுக்கத் தாழ்வாக இருந்து கோடு ஐம்பது அறுபது மீட்டர் உயரத்தில் போனால் அதோடு விட்டுவிடுவேன். மிச்சம் இருபதுக்குள் வந்தால் கிராஃப் தாள். மருமகனின் விகிதக் கணக்கு, குறுக்குவெட்டில் இடிக்கிற இடத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்த இடத்தில் போடத்தான் சரி, முதலில் போட அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. மருமகன் கிழக்குக் கரட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு, நான் மேற்கில். காலையில் போயிருந்தால் வெயில் என் கண்ணில் அடித்திருக்கும். சாயங்காலம் வெயில் எனக்கு முதுகுப் பக்கம், அவன் கண்ணாடிக்கு நேர் எதிரே. உச்சியில் நின்று கால் மணி நேரம் பார்த்தேன், புதரைத் தவிர ஒன்றுமில்லை. கிழக்கு விளிம்புக்கு நடந்து போனதும், நடு மேட்டு மர வரிசையில் ஒரு சந்து வழியாக, பளிச்சென்று ஊசி முனை அளவு வெளிச்சம். போனில் அவனை மெதுவாகக் கீழே இறங்கச் சொன்னேன். மூன்று ஆள் உயரம், ஒரு ஐந்து மீட்டர் இறங்கியதும் வெளிச்சம் அணைந்தது. விளிம்பிலிருந்து மேடு 4.8 கி.மீ., அவன் 8 கி.மீ., ஆக அவன் ஐந்து மீட்டர் இறங்கினால் மேட்டின் மேல் கோடு மூன்று மீட்டர் இறங்கும். மூன்று பேரும் போட்ட பன்னிரண்டு, ஆறு, பதினெட்டில், அந்தச் சந்துக்கு மேல் உண்மையில் மிச்சம் இருந்தது அந்த மூன்றுதான்.