ஆயுத பூஜை அன்னைக்கு போனஸ் தொகைய வாசிக்கறதா, கணக்கச் சொல்லிட்டு கவர்ல குடுக்கறதா?

கோயமுத்தூர்ல சின்னதா ஒரு லேத் பட்டறை வச்சிருக்கேன், ஆளுங்க ஏழு பேரு. கணக்கு மார்ச்ல முடிஞ்சாலும் எங்களுக்கு வருஷக் கடைசின்னா ஆயுத பூஜைதான், மெஷின தொடச்சு பொட்டு வச்சு பொரி குடுத்ததும் நாலு வார்த்த பேசி போனஸ் சொல்லணும். மொத ரெண்டு வருஷம் பேரச் சொல்லி தொகைய சத்தமா வாசிச்சேன், இப்ப மூணு வருஷமா கணக்க மட்டும் பொதுவுல சொல்லிட்டு தொகைய கவர்ல குடுக்கறேன்.

வாசிக்கறதுல ஒளிவு மறைவு இல்ல, சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். ஆனா சம்பளமே ஆளுக்காள் வேற, அதனால தொகையும் வேற, பொரி தட்ட கையில வச்சுகிட்டே பக்கத்து ஆளோடத ஒப்பிட ஆரம்பிச்சிருவாங்க. அப்புறம் நான் சொன்ன நன்றி யாரு காதுலயும் ஏறல.

இப்ப எடுத்தவுடனே போனஸதான் சொல்றேன், அது தெரியற வரைக்கும் வேற எதையும் யாரும் கேக்க மாட்டாங்க. "எல்லாத்துக்கும் ஒரே கணக்குங்க, இந்த வருஷம் வாங்குன சம்பளத்துல 8.33 சதவீதம். நாலு மாசம் பம்பு ஆர்டர் கம்மி, அதனால இதுக்கு மேல முடியல." சட்டத்துல இருக்கற குறைஞ்சபட்ச விகிதம் அது, வருஷம் பூரா வந்தவருக்கு ஒரு மாசச் சம்பளம். 18,000 வாங்கற டர்னருக்கு 18,000, அஞ்சு மாசம் முன்னாடி 12,000த்துக்கு சேந்த தம்பிக்கு 60,000த்துல 5,000. கவர பிரிக்கறதுக்கு முன்னாடியே அவங்கவங்க மனசுலயே போட்டுப் பாத்துக்கலாம்.

அப்புறம் நன்றி, ஆளுக்கு ஒரு விஷயம். "அண்ணே, ஜூலைல அந்த ஷாப்ட் லாட்டுல பேரிங் உக்கார்ற எடம் சைஸ் கூடுதுன்னு மூணாவது பீஸ்லயே மைக்ரோமீட்டர் வச்சு நிறுத்துனீங்களே, மிச்சம் நூத்திச் சொச்சம் பீஸ் தப்பிச்சுது." அவரு ஒண்ணும் பேசல, மைக்ரோமீட்டர் டப்பாவ மட்டும் நேரா எடுத்து வச்சாரு.

என்னைய முடிவு பண்ண வச்சது ஆனா அட்வான்ஸ்தான். ஒருத்தரு பொண்ணு காலேஜ் பீஸுக்கு 10,000 வாங்கியிருந்தாரு, ரெண்டாவது வருஷம் அத கழிச்சு 8,000ன்னு வாசிச்சிட்டேன், அவரு கடன் வாங்குனது ஏழு பேருக்கும் தெரிஞ்சு போச்சு, தல குனிஞ்சு நின்னாரு. அன்னைக்கு நான் பண்ணது பெரிய தப்பு. இப்ப பூஜைக்கு ஒரு வாரம் முன்னாடியே தனியா கூப்பிட்டு, மொத்தமா கழிக்கட்டுமா இல்ல மாசம் 1,000மா சம்பளத்துல பிடிக்கட்டுமான்னு கேட்டுக்கறேன். தீபாவளி மூணு வாரத்துல வரும், துணி எடுக்கணும், அனேகமா மாசா மாசம்தான் கேப்பாங்க. கவர் மேலயே மொத்தம், பிடித்தம், கையில வர்றது மூணையும் எழுதிருவேன்.

ஒரே ஒரு சிக்கல், நல்லா வேலை செஞ்சவருக்கு தனியா கூட குடுக்கணும்னா இந்த ஒரே கணக்குல எடமில்ல. போன வருஷம் ஒருத்தருக்கு அத போனஸ்ல சேக்காம அடுத்த மாசச் சம்பளத்துல 500 ஏத்திக் குடுத்தேன். ஒரு தடவதான் பண்ணிருக்கேன், அதனால இதுதான் சரின்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.