கீபோட் இல்லாமல் ஸ்கிரீன்ஷொட்: இரண்டு வருச அனுபவம்

மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னக் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பியோடு ஒன்லைன் விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுப்பேன். நடக்க ஏலாத ஆட்களுக்காக ஒட்டுசுட்டான் பக்கம் வீடுகளுக்கும் போவதால், இரண்டு வருசத்துக்கு முன் கீபோட் கழற்றக்கூடிய விண்டோஸ் டப்லெட் ஒன்றைப் பாவித்ததாக வாங்கினேன். செம்மண் புழுதிக்குப் பயந்து கீபோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டுத்தான் போவேன்.

விண்ணப்பம் அனுப்பி முடிந்ததும் திரையில் ஒரு இலக்கம் வரும். அதுதான் அவர்களுக்கு ரசீது. கீபோட் இல்லாவிட்டால் PrtScn கீயும் இல்லை. அதற்குப் பதிலாக பவர் பட்டனையும் சத்தம் கூட்டும் பட்டனையும் ஒன்றாக அமத்தி, உடனே விட்டுவிட வேண்டும். திரை ஒரு கணம் மங்கித் தெளியும், முழுத்திரையும் படமாகிவிடும். கீபோட்டில் விண்டோஸ் கீயோடு PrtScn அமத்துவதும் இதே வேலைதான்.

சொல்ல லேசு. முதல் மாதம் ஒரு அம்மாவின் விண்ணப்பத்தை அவவின் திண்ணையில் இருந்து அனுப்பினேன். இலக்கம் வந்தது. அமத்தினேன், திரை கறுத்துவிட்டது. பவர் பட்டன் ஒரு கணம் முந்திப் பட்டதால் டப்லெட் தூங்கப் போய்விட்டது. திரும்ப எழுப்பிப் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போனால், தளம் என்னை வெளியே தள்ளியிருந்தது. "தம்பி, நம்பர் எடுத்திட்டியோ?" என்று அவ கேட்க, என்னிடம் பதில் இல்லை. சிக்னல் ஒரு கோடு நிற்கிற இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிரவே Control Panel-இல் Power Options போய், Choose what the power buttons do என்பதில் பவர் பட்டனுக்கு Do nothing கொடுத்தேன். பற்றரியில் ஓடும்போதும் சார்ஜில் இருக்கும்போதும் தனித்தனியாக மாற்ற வேண்டும். அதன் பிறகு விரல் பிசகினாலும் திரை அணைவதில்லை. சத்தப் பட்டன் முந்தினால் சேதம் குறைவு, சத்தம் ஒரு படி கூடும், அவ்வளவுதான். ஆனால் சத்தக் கோடு திரையில் எழும்பிப் படத்திலும் விழுந்துவிடும். எதுவானாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், பவர் பட்டனை நீளமாகப் பிடிப்பது டப்லெட்டை நிறுத்துகிற வழி.

எல்லா டப்லெட்டுக்கும் இதே பட்டன்கள் இல்லை. மச்சானிடம் பழைய சர்பேஸ் ப்ரோ 3 இருக்கிறது. அதன் திரை ஓரத்தில் விண்டோஸ் பட்டன் உண்டு, அதில் அந்தப் பட்டனோடு சத்தம் குறைக்கும் பட்டனை அமத்த வேண்டும். ப்ரோ 4-இல் அந்தப் பட்டனே இல்லை, அங்கே என்னுடையதைப் போலத்தான்.

இன்னொரு குழப்பத்தை நானே தேடிக்கொண்டேன். டப்லெட் மெதுவாக ஓடுகிறதென்று விண்டோஸின் அசைவுக் காட்சிகளை எல்லாம் நிறுத்தினேன். அதோடு திரை மங்குவதும் நின்றுபோனது. படம் விழவில்லை என்று நினைத்து, ஒரே பக்கத்தை ஆறு தரம் எடுத்திருக்கிறேன்! இப்போது சைகையை நம்புவதில்லை. Pictures-க்குள் Screenshots என்ற போல்டரைத் திறந்து, Screenshot (212).png போலக் கடைசி இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்தை விட்டு எழும்புவேன். பழைய படங்களை அழித்தாலும் இலக்கம் 1-க்குத் திரும்பாமல் மேலே போய்க்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் இலக்கம் விடுபட்டிருந்தால் படம் தொலைந்ததென்று பதற வேண்டாம்.

போல்டர் வெறுமையாகத் தெரிந்தால் OneDrive-க்குள் பாருங்கள். Pictures போல்டரை அது காப்புப் பிரதி எடுக்கும்படி விட்டிருந்தால் படங்கள் அங்கே உள்ள Pictures-இல்தான் சேரும். எனக்கு இதில் வேறொரு எரிச்சல். ஒவ்வொரு படமும் இணையத்துக்கு ஏறும், நான் ரீலோட் போட்ட போன் டேட்டாவில். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம் தெரிகிற படங்கள் என் கணக்கில் போய்க் குவிவதும் பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் படத்தில் வரும். திரைக் கீபோட் எழும்பி நின்றால் அதுவும் விழுந்து, கீழே இருக்கிற இலக்கத்தை மறைத்துவிடும். முதலில் அதை மூடுங்கள். பக்கம் நீளமானால் இந்தப் பட்டன்களோடு மல்லுக்கட்டாமல், பிரவுசரில் பிரிண்ட் கொடுத்து Microsoft Print to PDF-ஐத் தெரிவு செய்வேன். சில தளங்களில் அந்தப் பிரதி வெள்ளைத் தாளாக வருகிறது. அங்கே திரையை இழுத்து இழுத்து மூன்று நான்கு படமாக எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.