பால் பட்டுவாடா சீட்டு: பல வருடம் பார்த்ததில் தெரிந்தவை

தொடக்கப் பால் சங்கம் தரும் பட்டுவாடா சீட்டில் தேதி, வேளை, அளவு, கொழுப்பு, லாக்டோமீட்டர் டிகிரி, எஸ்.என்.எஃப், விலை, தொகை என்று கட்டங்கள் இருக்கும். லாக்டோமீட்டர் டிகிரி என்பது பாலில் மிதக்கவிடும் கருவி காட்டும் அடர்த்தி அளவு; எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள். விலை தப்பு என்று தோன்றினால் பலரும் கொழுப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நீண்ட காலச் சீட்டுகளை வைத்துப் பார்த்தால், சத்தமில்லாமல் காசு போவது எஸ்.என்.எஃப் கட்டத்தில்.

காரணம், லாக்டோமீட்டர் வைத்துப் பார்க்கும் சங்கத்தில் எஸ்.என்.எஃப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. டிகிரியையும் கொழுப்பையும் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பரவலாகப் பயன்படும் சூத்திரம் இது:

```
SNF = CLR/4 + 0.20 × Fat + 0.36
```

இதில் CLR என்பது வெப்பத்துக்குத் திருத்திய டிகிரி. 27 டிகிரி செல்சியஸுக்குச் செய்த லாக்டோமீட்டர் என்றால், பால் அதைவிடச் சூடாக இருக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 கூட்ட வேண்டும். கறந்த சூட்டோடு வரும் பாலில் கருவி கூடுதலாக அமிழ்ந்து, குறைவாகக் காட்டும். அவசரத்தில் இந்தத் திருத்தத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். பால் 34 டிகிரி சூடு, கருவி காட்டியது 26.5, கொழுப்பு 4.2 சதவீதம். திருத்தாமல் போட்டால் எஸ்.என்.எஃப் 7.8. ஏழு டிகிரிக்கு 1.4 கூட்டினால் CLR 27.9, எஸ்.என்.எஃப் 8.2. கொழுப்பு கிலோ 360 ரூபாய், எஸ்.என்.எஃப் கிலோ 240 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு கிலோ பாலுக்கு முதலாவதில் 33.84, இரண்டாவதில் 34.80. வித்தியாசம் 96 பைசா. தினம் 10 கிலோ ஊற்றினால் பத்து நாள் பில்லில் 96 ரூபாய். பாலில் ஒரு குறையும் இல்லை. இது போதாதென்று சில சங்கங்களின் விலைச் சார்ட்டுகளில் எஸ்.என்.எஃப் ஒரு எல்லைக்குக் கீழே போனால் விலை படிப்படியாக இறங்காமல் ஒரேயடியாக விழும். அங்கே நட்டம் இன்னும் பெரிது.

அடுத்து, சார்ட் கிலோவுக்கா லிட்டருக்கா என்று மேல்வரியில் பாருங்கள். 10 லிட்டர் பால் ஏறக்குறைய 10.3 கிலோ. கிலோ விலையை லிட்டரில் பெருக்கிவிட்டால், மேலே சொன்ன விலையில் 10 லிட்டருக்குப் பத்து ரூபாய் சொச்சம் குறையும்.

கொழுப்புத் தகராறு பெரும்பாலும் சாம்பிளில் தொடங்குகிறது. நின்ற பாலில் ஆடை மேலே ஏறிவிடும். கலக்காமல் அடியிலிருந்து எடுத்தால் கொழுப்பு குறைவாகத்தான் வரும். மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு அதிகம். அதைக் கன்றுக்கு விட்டுவிட்டுச் சங்கத்தோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சீட்டைப் படிக்கும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். கொழுப்பும் டிகிரியும் சேர்ந்து விழுந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். கொழுப்பு இறங்கி டிகிரி ஏறினால் ஆடை எடுத்த பாலாகவோ கலக்காத சாம்பிளாகவோ இருக்கலாம். கொழுப்பு வழக்கம்போல இருந்து டிகிரி மட்டும் இறங்கினால், அன்று தெர்மாமீட்டர் வைத்தார்களா என்று முதலில் கேளுங்கள். சீட்டில் வெப்பத்துக்கு ஒரு கட்டம் இல்லாததுதான் இதன் பெரிய குறை. பால் ஊற்றும்போதே அந்த எண்ணைக் கேட்டுக் குறித்து வைத்தால்தான் பிறகு பேச முடியும்.