பச்சை கேண்டிலா, சிவப்பு கேண்டிலா: வாங்குபவர் பலம் எதில் அதிகம்?

விலை சார்ட் பார்க்கத் தொடங்கும் பலரும், ஒரு குறிப்பிட்ட நேரத்தின் விலை நகர்வைக் காட்டும் கேண்டிலின் நிறத்தை வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். பச்சை என்றால் வாங்குபவர் கை ஓங்கியது, சிவப்பு என்றால் விற்பவர் கை ஓங்கியது என்பது அவர்கள் கணக்கு. நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தொடங்கிய விலையைவிட முடிந்த விலை மேலா, கீழா. இடையில் நடந்த இழுபறியை, கேண்டிலின் தடித்த பகுதியான பாடியையும் அதன் மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடான விக்கையும் அளந்தால்தான் பிடிக்க முடியும்.

மூன்று கேண்டில்களை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் விலை தொட்ட உச்சமான ஹை 110, அடிமட்டமான லோ 100. மொத்த வீச்சு 10 புள்ளி.

| | ஓப்பன் | க்ளோஸ் | மேல் விக் | பாடி | கீழ் விக் |
|---|---|---|---|---|---|
| அ (பச்சை) | 101 | 109 | 1 | 8 | 1 |
| ஆ (சிவப்பு) | 109 | 107 | 1 | 2 | 7 |
| இ (பச்சை) | 101 | 103 | 7 | 2 | 1 |

பாடி என்பது ஓப்பனுக்கும் க்ளோஸுக்கும் இடையிலான தூரம். மேல் விக்கை அளக்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பச்சையில் ஹையிலிருந்து க்ளோஸைக் கழிக்க வேண்டும். சிவப்பில் ஹையிலிருந்து ஓப்பனைக் கழிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பாடியின் மேல் விளிம்பு ஓப்பன்தான். கீழ் விக்குக்கு இது அப்படியே தலைகீழ்.

அ-வில் குழப்பமே இல்லை. வீச்சில் 80 சதவீதம் பாடி, க்ளோஸ் ஹைக்குப் பக்கத்திலேயே. வாங்குபவர்கள் ஏற்றிய விலையை விற்பவர்களால் பெரிதாகத் திருப்பி இறக்க முடியவில்லை.

சிக்கல் ஆ-வுக்கும் இ-க்கும் நடுவில்தான். பாடி இரண்டிலும் 2 புள்ளி. நிறத்தை நம்புபவர் இ-யைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் இ-யில் 101-லிருந்து 110 வரை, 9 புள்ளி ஏறிய விலை, கடைசியில் 103-இல் நிற்கிறது. ஏறியதில் 7 புள்ளி பறிபோய்விட்டது. மேலே விற்பவர்கள் காத்திருந்தார்கள் என்பதை அந்த நீண்ட மேல் விக் காட்டுகிறது. ஆ-வில் விலை 109-லிருந்து 100 வரை விழுந்தது, ஆனால் 107-க்குத் திரும்பிவிட்டது. சிவப்பாக இருந்தும், கீழே வந்த விற்பனையை வாங்குபவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இதை ஒரே எண்ணில் அளக்கலாம்:

```
(close - low) / (high - low) * 100
```

அ-வுக்கு 90, ஆ-வுக்கு 70, இ-க்கு 30. ஆகவே என் வரிசை: அ, பிறகு சிவப்பான ஆ, கடைசியில் பச்சையான இ. ஆனாலும் ஆ-வை அ-வுக்குச் சமமாக வைக்கக் கூடாது. அ-வில் வாங்குபவர்கள் 8 புள்ளி முன்னேறியிருக்கிறார்கள். ஆ-வில் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நீண்ட கீழ் விக்கைப் பார்த்த உடனே வாங்கிவிடுபவர்கள் கோட்டைவிடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. கேண்டில் நான்கு விலைகளைத்தான் வைத்திருக்கிறது. எது முதலில் வந்தது என்பதை வைத்திருப்பதில்லை. ஆ ஒரு மணி நேரக் கேண்டில் என்றால், முதல் பத்து நிமிடத்திலேயே 100-ஐத் தொட்டுவிட்டு, பிறகு 110 வரை ஏறி, கடைசியில் 107-க்கு இறங்கியிருக்கலாம். அல்லது முதலில் 110-ஐத் தொட்டு, வெகுநேரம் விழுந்துகொண்டே இருந்து, முடியும் தறுவாயில் 100-லிருந்து 107-க்கு எகிறியிருக்கலாம். முதல் வகையில் கடைசி அசைவு விற்பவர்களுடையது, இரண்டாவதில் வாங்குபவர்களுடையது. அதே நேரத்தின் பன்னிரண்டு 5 நிமிடக் கேண்டில்களைத் திறந்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும்.

அளவையும் பக்கத்துக் கேண்டில்களோடு ஒப்பிட வேண்டும். முந்தைய இருபது கேண்டில்களின் சராசரி வீச்சு 40 புள்ளி என்றால், இந்த 10 புள்ளிக் கேண்டிலின் விக் எவ்வளவு நீளமாகத் தெரிந்தாலும் அது வெறும் சலசலப்பு. சார்ட்டைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது சின்ன விக்கும் மலைபோலத் தெரியும். கண்ணை நம்பாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது.

முக்கியமாக, கேண்டில் முடியும்வரை க்ளோஸ் என்று ஒன்று கிடையாது. திரையில் தெரிவது அந்த நொடியின் விலை. மேலே உள்ள இ-யே ஹையையும் லோவையும் தொட்டுவிட்டு ஒரு கட்டத்தில் 109-இல் நின்றிருக்கலாம், அப்போது அச்சு அசலாக அ-வைப் போலத்தான் இருந்திருக்கும். கடைசி சில நிமிடங்களில் 103-க்கு விழுந்திருந்தால் அந்த எட்டுப் புள்ளி பாடி இரண்டாகச் சுருங்கி, மிச்சமெல்லாம் மேல் விக்காக மாறியிருக்கும்.