தோலா, காகிதமா? பாக்தாதும் சிசிலியும் சொன்ன இரு தீர்ப்புகள்

அரசு ஆவணத்தைத் தோலில் எழுதுவதா, காகிதத்தில் எழுதுவதா? 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாக்தாத் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தது. 1231இல் சிசிலி அரசர் இரண்டாம் ஃபிரடெரிக், பொது ஆவணங்கள் தோலில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். இருவரும் தேடியது நம்பகமான ஆவணத்தைத்தான். ஆனால் அவர்கள் பயந்த ஆபத்துகள் வேறு.

பாக்தாதின் பயம், மோசடி. சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த ஆட்டுத்தோலில் கரி மை மேலாகத்தான் நிற்கும். கத்தியால் மெல்லச் சுரண்டி, ஒரு தொகையை அழித்து வேறு தொகை எழுதிவிடலாம். காகிதத்தில் மை நாருக்குள் இறங்கிவிடும். சுரண்டினால் நார் பிய்ந்து எழும்பும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாலே அந்த இடம் சொரசொரப்பாகத் தெரியும். பாக்தாதை ஆண்ட கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் காலத்து அரசு அலுவலகங்கள் காகிதத்துக்கு மாறியதற்கு இதையே காரணமாக எழுதினார், பிற்கால எகிப்திய எழுத்தர் அல்-கல்கஷந்தி. எனக்கும் இது வலுவான வாதமாகவே படுகிறது.

சரி, சிசிலிக்கு என்ன பயம்? காகிதம் நீடிக்காது என்பதுதான். சீனாவில் மரப்பட்டை நாரிலும் செய்த காகிதம், சமர்கண்ட் வழியாக மேற்கே வந்தபோது பழைய லினன், சணல் துணிக்கு மாறியிருந்தது. மை ஊறிப் பரவாமலிருக்க அரபுப் பட்டறைகள் மாவுக் கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்தன. நாணல் பேனாவுக்கு அது அருமையான பரப்பு. ஆனால் ஈரக்காற்றில் கஞ்சி பூஞ்சையையும் பூச்சியையும் இழுக்கும். ஃபிரடெரிக்கின் தாய்வழித் தாத்தா இரண்டாம் ரோஜரே, 1145இல் பழைய காகிதச் சாசனங்களைத் தோலில் மறுபடி எழுதவைத்தார்.

இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாவின் நோட்டரிகள் இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தினார்கள். அதுதான் எனக்குப் பிடித்த தீர்வு. ஜொவான்னி ஸ்கிரிபாவின் 1154 முதல் 1164 வரையிலான பதிவேடு காகிதம்தான். ஒருவர் கடன் வாங்கினால் அதன் சாரம் பதிவேட்டில் ஏறும். கேட்டவருக்கு மட்டும் முறையான பத்திரம் தோலில் எழுதித் தரப்படும். கடன் தீர்ந்ததும் பதிவின் மேல் கோடு போட்டு ரத்து செய்வார்கள். சின்னச் சின்னக் கடனுக்கெல்லாம் ஒரு தோலைச் செலவழிக்க முடியாதே!

அப்புறம் 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ காகிதத்தின் பலவீனத்தையே சரிசெய்தது. தண்ணீர்ச் சக்கரம் தூக்கிப் போடும் சம்மட்டிகள் கந்தலைக் கூழாக்கின. கஞ்சிக்குப் பதில், தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டினில் தாளைத் தோய்த்தார்கள். தாள் விறைப்பானது. கூரான இறகுப் பேனா அதைக் கிழிக்கவில்லை, பூஞ்சையும் எளிதில் பிடிக்கவில்லை.

பிராட்டோ ஊர் வணிகர் ஃபிரான்செஸ்கோ டாட்டினி 1410இல் இறந்தபோது விட்டுச் சென்ற சுமார் 1,50,000 கடிதங்களும் நூற்றுக்கணக்கான கணக்கேடுகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. நல்ல பசையிட்ட காகிதம் நீடிக்குமா என்ற கேள்விக்கு அதுவே பதில். ஆனாலும் நிலம், பட்டம் போன்ற பெரிய உரிமைகளுக்கு ஐரோப்பா இன்னும் பல நூற்றாண்டுகள் தோலைத்தான் கேட்டது.