215 பெயர், ஒரே தாள்: குடும்ப மரத்துக்கு எந்த வடிவம் பொருந்தும்?

தக்கலைப் பக்கம் எங்கள் பூட்டன் கட்டிய வீட்டில் போன கிறிஸ்துமஸ் லீவில் எல்லோரும் கூடினோம். சுவரில் ஒட்டக் குடும்ப மரம் வரைகிற வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு முந்தின கூட்டத்துக்கும் நான்தான் வரைந்தேன், அது சொதப்பலாக முடிந்தது. அதனால் இந்த முறை கோடு போடுவதற்கு முன்னால் தலைகளை எண்ணினேன்.

பூட்டன் பூட்டிக்கு 7 பிள்ளைகள். பேரப் பிள்ளைகள் 29, அடுத்த தலைமுறை 61, அதற்கும் அடுத்தது 44. கல்யாணம் ஆகி வந்த மருமக்கள் 72 பேர். பூட்டன் பூட்டியையும் சேர்த்தால் 215 பெயர். ஆனால் ஆள் கணக்கு 211தான். இரண்டு கல்யாணம் குடும்பத்துக்குள்ளேயே நடந்தவை, மாமன் மகளும் அத்தை மகனும். அந்த நால்வரும் பிள்ளை வரிசையில் ஒரு தடவை, மருமக்கள் வரிசையில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் வருகிறார்கள். இந்த நான்கு பெயர்தான் பின்னால் பெரிய தலைவலி ஆனது.

தாளின் அளவை முடிவு செய்வது இந்த 215 அல்ல. கீழே வேறு கிளை இல்லாமல் நிற்கிற நுனிகள் எத்தனை என்பதுதான் கேள்வி. குழந்தைகள், கல்யாணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லாம் நுனிகள். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த இரண்டு ஜோடிகளின் பிள்ளைகளை ஒரு பக்கம் மட்டும் எழுதினால், மறுபக்கத்தில் அவர்கள் பெயரும் நுனியாகிவிடும். எங்களுக்கு 88 வந்தது. எந்த வடிவமானாலும் இந்த 88 பேருக்கும் பக்கத்துப் பெயரோடு இடிக்காத இடம் வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று, கண்ணாடி போட்ட பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதால் எழுத்து 18 பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இனி நான்கு வடிவங்களையும் இந்த 88ஐ வைத்தே பார்க்கலாம்.

மேலே பூட்டன், கீழே பிள்ளைகள், அதற்கும் கீழே பேரன்கள் என்று வருவதுதான் எல்லோரும் முதலில் நினைக்கிற மரம். போன தடவை நான் போட்டதும் இதுதான். பார்க்க அழகு, கேட்காமலே புரியும். ஆனால் தமிழ்ப் பெயர் அகலமானது. கணவன் பெயர் மேலே, மனைவி பெயர் கீழே என்று அடுக்கினாலும் ஒரு பெட்டிக்கு 6 செ.மீ. ஆகிறது. இடைவெளிக்கு அரை செ.மீ. சேர்த்து 88ஆல் பெருக்கினால் 572 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 19 அடி. உயரமோ இரண்டடி போதும். ஒரு பந்தல் நீளத்துக்கு ரிப்பன் மாதிரி தொங்கும்.

அதைச் சுருக்கி 8 அடி பிளெக்ஸில் திணித்ததுதான் நான் செய்த தப்பு. பிளெக்ஸ் தூரத்தில் நின்று பார்ப்பதற்கான சரக்கு. பெரிய எழுத்து பளிச்சென்று விழும், சின்ன எழுத்தின் ஓரம் கலங்கும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிந்தன. போதாததற்கு, அச்சடித்த கடையில் இருந்த பழைய டிசைன் மென்பொருள் யுனிகோட் தமிழைச் சரியாக எடுக்கவில்லை. கொம்பு போட்ட எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. என் அத்தை ஒருத்தர் மூக்கைச் சுவரில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று, “எனக்க பேரு எங்க மக்கா?” என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பெயர் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை.

பெயர்களைச் செங்குத்தாகத் திருப்பினால் ஆளுக்கு ஒரு செ.மீ. போதுமே என்று தோன்றும். உண்மைதான், 88 செ.மீ.யில் அடங்கும். ஆனால் எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு படிக்க வேண்டும். அதற்குத் தாளையே திருப்பிவிடலாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

வட்டத்தை நான் குறைத்து எடை போட்டிருந்தேன். பூட்டன் பூட்டி நடுவில், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வளையம். வெளியே போகப் போகச் சுற்றளவு கூடுகிறது, ஆட்களும் அங்கேதான் கூடுகிறார்கள். 36 அங்குலத் தாளில் 45 செ.மீ. ஆரம் கிடைக்கும். நடுவுக்கு 5 செ.மீ. விட்டால் நான்கு வளையத்துக்கும் பத்துப் பத்து செ.மீ. கடைசி வளையம் 35 செ.மீ. ஆரத்தில் தொடங்குகிறது, அங்கே சுற்றளவு சுமார் 220 செ.மீ. ஒரு நுனிக்கு இரண்டரை செ.மீ.! இடத்தை மட்டும் பார்த்தால் இதற்கு ஈடு இல்லை.

ஆனால் 7 பிள்ளைகளுக்கும் சமமாக 51 பாகை வெட்டினால் மாட்டிக்கொள்வோம். மூன்றாவது பாட்டியின் கிளையில் மட்டும் 26 நுனிகள். ஏழாமவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், அவர் ஒரே நுனி. நுனிக்கு 4 பாகை சொச்சம் என்று பிரித்தால்தான் சரிவரும். மூன்றாமவருக்கு 106 பாகை, ஏழாமவருக்கு 4. எங்கேயாவது ஒரு குழந்தை பிறந்தால் முழு வட்டமும் நகரும், கையால் வரைந்தவர் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டியதுதான். இன்னொன்று, எழுத்து எல்லாத் திசையிலும் திரும்பி நிற்கும். சுவரில் மாட்டினால் பாதிக் குடும்பம் கழுத்தைத் திருப்பும். நடு ஹாலில் மேசை போட்டு அதன் மேல் விரித்து, எல்லோரும் சுற்றி நடக்க இடம் இருந்தால் வட்டத்தை நானே சிபாரிசு செய்வேன். எங்கள் வீட்டு ஹாலில் சாப்பாட்டு இலை போடவே இடம் இல்லை.

பட்டியல் வடிவம் மரம் மாதிரியே இருக்காது. ஒருவருக்கு ஒரு வரி, துணையின் பெயரும் அதே வரியில், ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் உள்ளே தள்ளி. மூன்றாமவருக்கு 3, அவருடைய இரண்டாவது பிள்ளைக்கு 3.2, அவருடைய மூத்த பிள்ளைக்கு 3.2.1 என்று எண். மொத்தம் 142 வரி, ஒரு ஏ4 தாளின் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். கையில் கொடுக்கவும் பிழை பார்க்கவும் இதைவிட நல்லது கிடையாது. ஆனால் சுவரில் ஒட்டினால் ரேஷன் கார்டு பட்டியல் மாதிரி இருக்கும். தன் பெயரைக் கண்டுபிடித்ததும் நகர்ந்துவிடுவார்கள், பக்கத்தில் நிற்பவர் தனக்கு என்ன முறை என்று யாரும் விரல் வைத்துத் தேட மாட்டார்கள்.

நான் கடைசியில் எடுத்தது இடமிருந்து வலமாக ஓடுகிற மரம். திருப்பிய தாள் என்று சொன்னது இதைத்தான். தலைமுறைக்கு ஒரு பத்தி, நுனிக்கு ஒரு வரி. பெயர் படுத்தே ஓடுவதால் தமிழ்ப் பெயரின் நீளம் இங்கே தொந்தரவே இல்லை. 20 செ.மீ. பத்தியில் கணவன், மனைவி இரண்டு பேரும் ஒரே வரியில் 18 பாயின்ட்டில் தாராளமாக நிற்கிறார்கள். 5 பத்திக்கு ஒரு மீட்டர். ஒரு செ.மீ. வரி 88 என்றால் உயரம் 88 செ.மீ. வீட்டு பிளான் அச்சிடுகிற கடைகளில் உள்ள 36 அங்குல ரோல் 91.4 செ.மீ. அகலம். மேலும் கீழும் ஒன்றரை செ.மீ.க்கு மேல் ஓரம் விட்டே அடங்குகிறது. அது பிளான் கோடு போடுகிற இயந்திரம் என்பதால் சின்ன எழுத்தும் கூர்மையாக விழுகிறது.

இதற்கு மர மென்பொருள் எதுவும் தேவைப்படவில்லை. LibreOffice Calc-இல் பக்க அளவை 106 × 91 செ.மீ. என்று நாமே கொடுக்கலாம். நுனிகளை எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அவரவர் தலைமுறைப் பத்தியில் எழுதிவிட்டு, பெற்றோரின் கட்டத்தைத் தங்கள் பிள்ளைகள் நிற்கிற வரிகள் முழுவதற்கும் சேர்த்து ஒன்றாக்கிவிட வேண்டும். 26 நுனி உள்ள பாட்டிக்கு 26 செ.மீ. உயரக் கட்டம், அதற்கு வலப்பக்கத்தில் அவர் பிள்ளைகள். கட்டங்கள் ஒட்டி நிற்பதால் இணைப்புக் கோடே வேண்டாம், கோடு குறுக்கே வெட்டுகிற பிரச்சினையும் இல்லை. முதல் பத்தியில் பூட்டன் பூட்டி மட்டும் 88 செ.மீ. உயரத்துக்கு நிற்பார்கள். தலைப்பும் பழைய வீட்டுப் படமும் அந்த வெற்றிடத்திலேயே போய்விட்டன. புதுக் குழந்தைக்கு வரி சேர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒன்றாக்கிய கட்டத்தின் நடுவில் வரி நுழைத்தால் அது தானாக விரியும், கடைசி வரிக்குக் கீழே நுழைத்தால் விரியாது, குழந்தை பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகிவிடும்.

நாலாவது பாட்டாவுக்கு இரண்டு கல்யாணம், மூத்தவர் இறந்த பிறகு இரண்டாவது. அவர் கட்டத்தை ஒட்டி வலப்பக்கத்தில் ஒரு மெல்லிய பத்தியை இரண்டாக வெட்டி (1), (2) என்று மனைவியர் பெயர் போட்டேன். யார் எந்த அம்மாவின் பிள்ளை என்பது சொல்லாமலே தெரிந்தது. வட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

சொந்தத்துக்குள் நடந்த அந்த இரண்டு கல்யாணம்? மேலிருந்து கீழே வருகிற மரத்தில் இரண்டாவது கிளையிலிருந்து ஐந்தாவது கிளைக்கு நீளக் கோடு இழுக்க வேண்டியிருந்தது, நடுவில் இருந்த எல்லாவற்றையும் அது வெட்டியது. இங்கே கோடு இழுக்கவில்லை. நுனி குறைவாக உள்ள கிளையில் பிள்ளைகளை எழுதினேன், மற்ற கிளையில் ஜோடியின் பெயரும் ‘பிள்ளைகள்: 5.2’ என்ற எண்ணும் மட்டும். இரண்டு இடத்திலும் ஒரே நிறப் புள்ளி. தாய்மாமனைக் கட்டிய குடும்பங்களிலும் இதே வழிதான் உதவும், அங்கே ஒரே பெண் இரண்டு தலைமுறைப் பத்தியில் வருவாள்.

வயது வரிசையில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான் இருந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பின்னால் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததன் மிச்சம் அது. கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது, அதனால் 1089 என்றால் 1913 ஆகஸ்டிலிருந்து 1914 ஆகஸ்ட் வரை. மாதம் தெரியாத இடத்தில் ‘1913–14’ என்றே போட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பட்டியல் வடிவத்தை ஏழு கிளை வாட்ஸப்பிலும் போட்டுப் பத்து நாள் விட்டேன். 23 திருத்தம் வந்தது. அதில் 17 மருமக்களின் பெயர் எழுத்துகள். கடைக்கு PDF மட்டும் கொடுத்தேன், ஒரு பெயரையும் அவர்களைத் தட்டச்சு செய்ய விடவில்லை. முதலில் மேல் மூலையை மட்டும் ஏ4 தாளில் உண்மை அளவில் எடுத்து, கொம்பும் காலும் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழுத் தாளையும் ஓடவிட்டேன்.