டாலர் ரேட்: திரையில் ஒன்று, வங்கியில் ஒன்று

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் ஏற்றுமதி செய்கிறோம். பல வருடங்களாக ஒரே வங்கியில்தான் டாலரை மாற்றுகிறேன். கூகுளில் தெரியும் விலை, வங்கிகள் தங்களுக்குள் வாங்குவதற்கும் விற்பதற்கும் சொல்லும் விலைகளின் நடுப்புள்ளி. அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். அதிலிருந்து எத்தனை பைசா பிடிக்கிறார்கள் என்பதுதான் நம் கவலை.

பணம் வந்ததும் நாம் பேசாமல் இருந்தால் கார்டு ரேட்டில் வரவு வைத்துவிடுவார்கள். காலையில் போடும் பட்டியல் விலை அது. பிறகு சந்தை எப்படி ஆடினாலும் வங்கியின் கையைக் கடிக்காதபடி நிறையவே தள்ளி வைத்திருப்பார்கள்.

40,000 டாலர் பில் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்டர்பேங்க் 83.50, கார்டு ரேட் 83.02. டாலருக்கு 48 பைசா, மொத்தம் 19,200 ரூபாய். அதே பில்லுக்கு, வங்கியில் டாலர் விலை பேசும் பிரிவான டீலிங் ரூமில் பேசி 83.42 வாங்கினால் போவது 3,200 ரூபாய்தான். ஒரு போனுக்கு 16,000 ரூபாய் மிச்சம்.

இதற்காக, "நான் ரேட் புக் பண்ணாமல் மாற்றக் கூடாதுங்க" என்று கிளையில் எழுதியே கொடுத்திருக்கிறேன். பணம் வந்த தகவல் கிடைத்ததும், சந்தை ஓடும் நேரத்தில் கூப்பிடுவேன். "ரேட் என்னங்க?" என்று மட்டும் கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடுவார்கள். "இன்டர்பேங்க் எவ்வளவு, உங்க மார்ஜின் எத்தனை பைசாங்க?" என்று பிரித்துக் கேட்டால்தான் பேரத்துக்கு வழி கிடைக்கும்.

ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் தெரிவது பெரும்பாலும் ஸ்பாட் விலை, அதாவது இரண்டு வேலை நாள் கழித்துக் கைமாறும் டாலருக்கானது. ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாக இருக்கும்போது, இன்றே ரூபாய் வேண்டுமென்றால் சில பைசா குறையும். நடுவில் விடுமுறை விழுந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அது வங்கியின் மார்ஜின் இல்லை. ஆனால் 'கேஷ் ரேட்' என்ற பெயரில் மார்ஜினையும் சேர்த்துக் கழிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

டாலரை மாற்றித் தரும் சேவைக்கான ஜிஎஸ்டி தனி. மேலே சொன்ன பில்லுக்குச் சுமார் 1,410 ரூபாய் வரும். எவ்வளவு பேசினாலும் அது குறையாது.

இந்த வழியின் குறை, சின்னத் தொகைக்கு டீலிங் ரூமில் மதிப்பே இல்லை. சாம்பிளுக்கு வரும் ஆயிரம், இரண்டாயிரம் டாலரெல்லாம் கார்டு ரேட்டிலேயே போய்விடுகிறது. அதற்கு 2019-இல் சிசிஐஎல் என்ற கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தொடங்கிய, டாலர் வாங்கி விற்கும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் இணையத் தளம் இருக்கிறது. விலை சந்தையிலேயே அமையும், வங்கி தன் கட்டணத்தைத் தனியாகக் காட்ட வேண்டும். ஆனால் பதிவுக்கு நம் வங்கியின் ஒப்புதல் வேண்டும். எங்கள் கிளையில் அந்தப் பேச்சை எடுத்தாலே, "எதுக்குங்க அதெல்லாம், நாங்களே நல்ல ரேட் தர்றோம்" என்கிறார்கள். சொன்ன மறுநாள் மார்ஜினில் இரண்டு பைசா குறைத்ததும் உண்மை.